அப்பா கடன் வாங்கவில்லை என்று நான் எப்படிக் காட்டுவது?

"வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். எங்களுக்குப் பண்ருட்டி பக்கம் ஒரு கிராமம். அப்பா போன தை மாதம் தவறிவிட்டார். கருமாதி முடிந்து இரண்டு மாதம் கழித்து, பெரியப்பா முறையாகும் ஒருவர் வந்து, 2023 ஜூனில் அக்கா கல்யாணத்துக்காக அப்பாவிடம் நாலு லட்சம் ரொக்கமாகக் கொடுத்ததாகச் சொல்கிறார். எழுத்து எதுவும் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசியபோது, 'உங்க அப்பா வாங்கலைன்னு உன்னால நிரூபிக்க முடியுமா?' என்று கேட்டார். முடியாது என்றேன். 'அப்போ வாங்கினதாத்தானே அர்த்தம்' என்கிறார்கள். 'அப்படியே வாங்கியிருந்தாலும் அப்பா திருப்பிக் கொடுத்திருப்பார்' என்றேன். 'அதுக்குச் சீட்டு காட்டு' என்கிறார். அப்பாவின் வரவு செலவு நோட்டில் இந்தப் பணம் இல்லை. பத்திரமும் இல்லை, நோட்டிலும் இல்லை என்றால் கடனே இல்லை என்றுதானே அர்த்தம்? கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யச் சொல்கிறார்கள். அடுத்த வாரம் மறுபடி கூடுகிறார்கள். நான் என்ன செய்ய?"
— ஒரு வாசகி, கடலூர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

'நிரூபிக்க முடியுமா?' என்று உங்களைக் கேட்டதே முறையல்ல. பணம் கொடுத்தேன் என்று சொல்பவர்தான் கொடுத்ததைக் காட்ட வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 101-ஆம் பிரிவாக இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் 104-ஆம் பிரிவாக அப்படியே இருக்கிறது. ஒரு விஷயம் நடந்தது என்று சொல்லி, அதை வைத்து ஒரு உரிமையைக் கேட்பவர் எவரோ, அது நடந்ததைக் காட்டும் பொறுப்பு அவருடையது.

பெரியவர்களுக்கு இது வக்கீல் பேச்சாகத் தெரியலாம். அவர்களிடம் நீங்கள் இப்படிக் கேட்டுப் பாருங்கள். பெரியப்பா நாலு லட்சம் என்று சொல்லாமல் நாற்பது லட்சம் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதையும் உங்களால் பொய் என்று காட்டியிருக்க முடியாது. நாளைக்கே ஊரில் இன்னொருவர் வந்து, "எனக்கும் உங்க அப்பா ரெண்டு லட்சம் தரணும்" என்றால் அதையும் மறுத்துக் காட்ட முடியாது. அப்பா ஜூன் மாதத்தின் முப்பது நாளும் யாரிடமும் பணம் வாங்கவில்லை என்பதற்குச் சாட்சி வேண்டுமென்றால், அந்த முப்பது நாளும் அவர் கூடவே ஒருவர் நிழல்போல இருந்திருக்க வேண்டும். நாலு லட்சத்துக்கும் நாற்பது லட்சத்துக்கும், உண்மையாகக் கொடுத்தவருக்கும் கொடுக்காமல் கேட்பவருக்கும் ஒரே பதிலைத் தருகிற முறையை வைத்து ஒரு பஞ்சாயத்து எதைத்தான் கண்டுபிடிக்கும்? அதனால்தான் சட்டம் அந்த வழியில் போகவில்லை. கொடுத்தவரிடம் கேட்டால் ஏதாவது ஒரு தடயம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. கொடுக்காத பணத்துக்குத் தடயம் எங்கே இருக்கும்?

யார் காட்ட வேண்டும் என்று குழப்பம் வந்தால் அடுத்த பிரிவு, 105, ஒரு நல்ல சோதனை சொல்கிறது. இரண்டு தரப்பும் வாயே திறக்காமல், ஒரு துண்டுக் காகிதமும் காட்டாமல் உட்கார்ந்துவிட்டால் யார் தோற்பார்கள் என்று பாருங்கள். அவர்மேல்தான் சுமை. உங்கள் விஷயத்தில் இரண்டு பேரும் சும்மா இருந்தால் பணம் கை மாறாது, வந்தவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். ஆகவே சுமை அவருடையது. அதே சட்டத்தில் இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. ஒருவர் கடன் பத்திரத்தை வைத்து வழக்குப் போடுகிறார், மற்றவர் பத்திரம் எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்கிறார், ஆனால் ஏமாற்றி வாங்கிக்கொண்டார் என்கிறார். அங்கே இரண்டு பேரும் சும்மா இருந்தால் பத்திரம் ஜெயிக்கும். எனவே ஏமாற்றியதைக் காட்டும் சுமை எழுதிக் கொடுத்தவர்மேல் விழுகிறது. கேட்பவர்மேலேயே எப்போதும் எல்லாச் சுமையும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். எந்தச் சங்கதியை யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். உங்கள் கடிதத்தில் இருக்கும் பெரிய ஆபத்தும் இந்த இடத்தில்தான்.

"அப்படியே வாங்கியிருந்தாலும் அப்பா திருப்பிக் கொடுத்திருப்பார்" என்று சொன்னீர்கள். மகள் மனசு அப்படித்தான் பேசும், புரிகிறது. ஆனால் அங்கே இருப்பது இரண்டு தனித்தனிச் சங்கதி. கடன் வாங்கியது ஒன்று, திருப்பிக் கொடுத்தது இன்னொன்று. முதலாவதைக் காட்ட வேண்டியவர் கடன் கொடுத்ததாகச் சொல்பவர். இரண்டாவதைக் காட்ட வேண்டியவர் திருப்பிக் கொடுத்ததாகச் சொல்பவர். "வாங்கினோம், கொடுத்துவிட்டோம்" என்று நீங்கள் ஒரு தடவை சொல்லிவிட்டால், பெரியப்பா தன் பங்கைக் காட்டாமலேயே தப்பித்துவிடுவார், நீங்கள் ரசீது தேடி அலைய வேண்டியிருக்கும். "அதுக்குச் சீட்டு காட்டு" என்று அவர் உடனே பிடித்துக்கொண்டது அதனால்தான். நீங்கள் சொன்னது 'வாங்கியிருந்தால்' என்ற பேச்சுதான், ஒப்புதல் ஆகாது. இருந்தாலும் நாளைக்கு ஊர்க்காரர் ஒருவர் கூண்டில் ஏறி, "கடனைக் கொடுத்துட்டாங்கன்னு அந்தப் பொண்ணே சொல்லிச்சு" என்று சாட்சி சொல்ல அது இடம் கொடுக்கும். அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக இதைத் தெளிவாக்கிவிடுங்கள்: "கடன் வாங்கியதாக நான் ஒப்புக்கொள்ளவில்லை. திருப்பிக் கொடுத்தார் என்றும் நான் சொல்லவில்லை. எனக்கு இதைப்பற்றி எதுவும் தெரியாது." அதன்பிறகு திருப்பிக் கொடுத்த பேச்சையே எடுக்க வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பத்திரமும் இல்லை, நோட்டிலும் இல்லை என்றால் கடனே இல்லை என்றுதானே அர்த்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அப்படி அர்த்தம் ஆகாது. பெரியவர்கள் செய்த அதே தவறை நீங்கள் மறுபக்கம் நின்று செய்கிறீர்கள். 'பொய் என்று காட்ட முடியவில்லை, ஆகவே உண்மை' என்கிறார்கள் அவர்கள். 'உண்மை என்று காட்ட முடியவில்லை, ஆகவே பொய்' என்கிறீர்கள் நீங்கள். இரண்டு பக்கமும், தெரியாத ஒன்றையே ஆதாரமாக எடுத்துக்கொள்கிறது.

சாட்சியச் சட்டம் இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு சங்கதி நிரூபிக்கப்பட்டது என்றால், அது நடந்தது என்று நம்பிச் செயல்படும் அளவுக்குச் சான்று இருக்கிறது என்று பொருள். பொய் என்று நிரூபிக்கப்பட்டது என்றால், அது நடக்கவில்லை என்று நம்பும் அளவுக்குச் சான்று இருக்கிறது. மூன்றாவதாக, நிரூபிக்கப்படாதது என்று ஒன்று உண்டு. இதுவும் இல்லை, அதுவும் இல்லை, தெரியவில்லை. உங்கள் அப்பாவின் கடன் இன்றைக்கு இருப்பது அந்த மூன்றாவது நிலையில். அந்த நிலையில் கேட்டவருக்குப் பணம் கிடைக்காது, அவ்வளவுதான். பெரியப்பா பொய் சொல்கிறார் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. வாய்வார்த்தையாகக் கொடுத்த கடனும் சட்டப்படி கடன்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்து உங்கள் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தபோது, எத்தனை குடும்பங்கள் ஒரு காகிதமும் இல்லாமல் உறவுக்காரரிடம் கை நீட்டி வாங்கிப் பிழைத்தன என்பது உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். காகிதம் இல்லை என்பதாலேயே அவையெல்லாம் பொய்க் கடன் ஆகிவிடவில்லை. எனவே பெரியப்பாவை 'ஏமாற்றுக்காரர்' என்று எங்கும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் அதைக் காட்ட வேண்டியது நீங்கள். உங்களுக்குத் தேவையே இல்லாத ஒரு சுமையை நீங்களே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வீர்கள்.

அப்பாவின் நோட்டு அப்படியானால் வீணா? அதை நன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு இடத்தில் ஒன்று இல்லை என்பது சில நேரம் பலமான சான்று, சில நேரம் ஒன்றுக்கும் ஆகாது. அந்தக் கடன் உண்மையாக இருந்திருந்தால் இந்த நோட்டில் அது ஏறியிருக்குமா? இதுதான் கேள்வி. நோட்டை எடுத்து, உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த மற்றக் கடன்களை முதலில் தேடுங்கள். கல்யாணத்துக்கு நகை அடகு வைத்தது உண்டா? பேங்க் அடகுச் சீட்டில் இருக்கும் தேதியில் நோட்டில் வரவு எழுதியிருக்கிறாரா? சீட்டு எடுத்திருந்தால் அது ஏறியிருக்கிறதா? பக்கத்து வீட்டில் வாங்கிய ஐயாயிரம், பத்தாயிரம் இருக்கிறதா? உங்களுக்குத் தெரிந்த சின்னக் கடன்கள்கூட ஏறியிருந்து, இந்த நாலு லட்சம் மட்டும் இல்லை என்றால், அந்த மௌனம் பேசும். அப்படி இல்லாமல், உரம், பால், ஆள் கூலி, பஸ் செலவு என்று செலவு மட்டும் எழுதுகிற நோட்டாக இருந்து, நகைக் கடனே அதில் இல்லை என்றால், இந்த நாலு லட்சம் இல்லாததற்கு எந்த மதிப்பும் கிடையாது. நோட்டில் ஜூன் மாதப் பக்கங்கள் முழுசாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நடுவில் ஒரு தாள் கிழிந்திருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.

நோட்டோடு சேர்த்துக் கல்யாணக் கணக்கையும் கூட்டிப் பாருங்கள். இதை நீங்கள் தனியாக, உங்களுக்காகச் செய்ய வேண்டும். மண்டப வாடகை, சமையல், நகை, துணிமணி, சீர்வரிசை என்று போன பணத்தை ஒரு பக்கம் எழுதுங்கள். நகைக் கடன், முந்திரி விற்ற பணம், சீட்டுப் பணம், சேமிப்பு என்று வந்த பணத்தை இன்னொரு பக்கம் எழுதுங்கள். ஒரு பேச்சுக்கு, செலவு ஒன்பது லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வந்த பணத்துக்கு எல்லாம் சீட்டும் பாஸ்புக்கும் இருந்து அதுவும் ஒன்பது லட்சத்தை ஒட்டி வந்தால், இன்னொரு நாலு லட்சத்துக்கு அந்தக் கல்யாணத்தில் வேலையே இல்லை. அது உங்களுக்குச் சாதகமான நல்ல சான்று. ஆனால் வந்த பணம் ஐந்து லட்சம்தான் கணக்கில் நிற்கிறது, மீதி எங்கிருந்து வந்தது என்று உங்கள் அம்மாவுக்கும் தெரியவில்லை என்றால், அதையும் நேர்மையாகப் பாருங்கள். அந்த ஓட்டை மட்டுமே பெரியப்பாவின் கடனை நிரூபித்துவிடாது. பணம் வேறு யாரிடமிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் அவர் பக்கம் வேறு சான்றும் இருந்தால், அது அதற்குத் துணை நிற்கும். முடிவு செய்வதற்கு முன் உங்களுக்கே இது தெரிந்திருக்க வேண்டும்.

பெரியப்பா எதைக் காட்ட வேண்டும்? எழுத்து இல்லை என்பதற்காக அவருக்கு வழியே இல்லை என்று ஆகிவிடாது. நாலு லட்சம் ரொக்கம் எங்கிருந்தாவது வந்திருக்க வேண்டும். 2023 மே, ஜூன் மாதங்களில் அவர் பேங்கில் பணம் எடுத்திருந்தால் பாஸ்புக்கில் அந்த வரி இருக்கும். முந்திரியோ பலாவோ விற்ற பணம் என்றால் மண்டியில் கணக்கு இருக்கும். கொடுக்கும்போது கூட யார் இருந்தார்கள், எந்த இடத்தில், என்ன நோட்டாக, வட்டி பேசினார்களா, எப்போது திருப்பித் தருவதாகச் சொன்னார், இதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், அப்பா உயிரோடு இருந்த வரைக்கும் ஒன்றரை வருஷம் போயிருக்கிறது. அந்த நாட்களில் அவர் ஒரு தடவையாவது கேட்டாரா? போனில் மெசேஜ் உண்டா? அப்பா ஏதாவது வட்டி அனுப்பியிருக்கிறாரா? 109-ஆம் பிரிவு சொல்வது இதைத்தான்: ஒருவருக்கு மட்டும் குறிப்பாகத் தெரிந்த சங்கதி என்றால், அதைக் காட்டுவதும் அவர் பொறுப்பு. ரயிலில் டிக்கெட் இல்லாமல் போனதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்தான் தன்னிடம் டிக்கெட் இருந்ததைக் காட்ட வேண்டும் என்பது சட்டமே தரும் உதாரணம். பெரியப்பா கையில் அந்தப் பணம் எப்படி வந்தது என்பது அவருக்குத்தான் தெரியும், உங்களுக்குத் தெரிய வழியில்லை. தன்னிடம் இருக்கும் பாஸ்புக்கைக் காட்ட மறுத்தால், அதில் தனக்குப் பாதகமாக ஏதோ இருக்கிறது என்று கோர்ட் ஊகிக்கவும் இடம் உண்டு.

தன் டைரியில் எழுதி வைத்திருப்பதாக அவர் கொண்டுவரலாம். வியாபாரம் செய்பவர் ஒழுங்காக எழுதிவரும் கணக்குப் புத்தகம்கூடச் சான்றாக ஏற்கப்படுமே தவிர, அது ஒன்றை மட்டும் வைத்து இன்னொருவர்மேல் கடனைச் சுமத்த முடியாது என்று 28-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தானே எழுதிக்கொண்ட ஒரு வரி அதற்கும் கீழேதான் நிற்கும். இதே அளவுகோல் உங்கள் அப்பாவின் நோட்டுக்கும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். அது துணைச் சான்று, தனியாக நின்று வழக்கை முடிக்காது.

அவர் பாஸ்புக் வரியைக் காட்டி, பக்கத்தில் இருந்த ஒருவரையும் அழைத்து வந்து, அவர்கள் சொல்வது குறுக்கு விசாரணையிலும் கலையாமல் நின்றால், அப்போது உங்கள் பக்கமிருந்து பதில் வந்தாக வேண்டும். நிரூபிக்கும் மூலச் சுமை கடைசி வரைக்கும் அவர்மேல்தான். ஆனால் அவர் நம்பும்படி ஒன்றைக் காட்டிய பிறகு, அதற்குப் பதில் தரும் பொறுப்பு உங்கள் பக்கம் வரும், நீங்கள் காட்டியதும் திரும்ப அவர் பக்கம் போகும். இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் ராகவம்மா எதிர் செஞ்சம்மா வழக்கின் தீர்ப்பிலேயே விளக்கியிருக்கிறது. சிவில் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்ப்பார்கள். தராசு இரண்டு பக்கமும் சமமாக நின்றுவிட்டால், கேட்டவர் தோற்பார்.

இன்னொன்றுக்கும் நீங்கள் தயாராக இருக்க வேண்டும். இன்றைக்கு எழுத்து இல்லை என்று சொல்பவர், பேச்சு முற்றிய பிறகு ஒரு புரோநோட்டோடு வரலாம். அப்போது நிலைமை பெரிய அளவில் மாறும். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 118-ஆம் பிரிவு, புரோநோட்டு என்றால் பணம் கொடுத்துத்தான் எழுதி வாங்கியிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. பணம் தரவே இல்லை என்று காட்டும் வேலை எழுதிக் கொடுத்த தரப்புக்கு வந்துவிடும். ஆனால் இந்த ஊகம் தானாக வராது. அந்தக் கையெழுத்து உங்கள் அப்பாவுடையதுதான் என்பதை முதலில் அவர் காட்ட வேண்டும். கையெழுத்தை நீங்கள் ஒப்புக்கொண்டாலோ அவர் அதை நிரூபித்தாலோதான் 118 வேலை செய்யும். எனவே யாராவது ஒரு காகிதத்தை நீட்டி, "இது உங்க அப்பா கையெழுத்துதானே?" என்று கூட்டத்தில் கேட்டால், உடனே தலையாட்டாதீர்கள். பார்த்துச் சொல்கிறேன் என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 2022, 2023-இல் அப்பா போட்ட கையெழுத்துகளை, அதாவது பேங்க் செலான், கூட்டுறவுச் சங்கத்து விண்ணப்பம், கிரயப் பத்திரம் என்று அவை இருக்கும் இடங்களை இப்போதே குறித்து வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் காலத்துக் கையெழுத்துதான் வேண்டும். இருபது வருஷத்துக்கு முந்தையது அதிகம் உதவாது.

கையெழுத்து அப்பாவுடையதுதான் என்று ஆகிவிட்டாலும், 'பணம் வரவில்லை' என்பதற்கு நேரடிச் சாட்சி கொண்டுவா என்று கோர்ட் கேட்காது. இல்லாத ஒன்றுக்கு நேரடிச் சாட்சி சாத்தியமும் இல்லை, சட்டம் அதை எதிர்பார்க்கவும் இல்லை என்று 1999-இல் பாரத் பேரல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அதே தீர்ப்பு, வெறுமனே மறுத்தால் போதாது, வராமல் இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று காட்டும்படி ஏதாவது ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தத் தேதியில் பெரியப்பாவிடம் அவ்வளவு பணமே இல்லை என்பதோ, நான் மேலே சொன்ன கல்யாணக் கணக்கோ அங்கே உதவும். இல்லை என்பதை முழுசாக நிரூபிக்க யாராலும் முடியாது, ஆனால் அதை நம்பத்தக்கதாக்க முடியும் என்பதுதான் சட்டத்தின் நிலை.

சத்தியத்துக்கு வருகிறேன். நம்பிக்கையைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் எதைச் சத்தியம் செய்யச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். "எங்க அப்பா வாங்கவே இல்லை" என்று கற்பூரம் அடிக்கச் சொல்கிறார்கள். அது உங்களுக்குத் தெரியாது. தெரியாததை எந்தச் சாமி முன்னாலும் தெரிந்ததாகச் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். நீங்கள் செய்ய முடியாமல் நின்றால், "பார்த்தீங்களா, தயங்குது" என்று அதையே ஆதாரம் ஆக்குவார்கள். எனவே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "எனக்குத் தெரிந்ததைக் கேளுங்கள், சத்தியமாகச் சொல்கிறேன். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன்." பெரியப்பா தானே முன்வந்து சத்தியம் செய்தாலும், எங்கே, எப்போது, யார் முன்னால் கொடுத்தார் என்ற கேள்விகள் அப்படியேதான் இருக்கும்.

இதைவிட நான் அதிகம் பயப்படுவது, கூட்டத்தில் ஊர் வாயை அடைக்க உங்களிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிடுவார்களோ என்றுதான். "இப்போதைக்கு எழுதிக் கொடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். ஒரு வெள்ளைத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், உங்கள் அம்மாவையும் அக்காவையும் போட விடாதீர்கள். இன்றைக்கு நிரூபிக்கப்படாத அப்பாவின் கடன், நாளைக்கு நீங்களே எழுத்தில் ஒப்புக்கொண்ட கடனாகிவிடும். 105-ஆம் பிரிவின் அந்தச் சோதனையை அப்போது போட்டுப் பார்த்தால், இரண்டு பேரும் சும்மா இருந்தால் தோற்பது நீங்களாக இருப்பீர்கள். காலம் கடந்துபோன கடனைக்கூட, தருகிறேன் என்று எழுத்தில் கையெழுத்திட்டுச் சொன்னால் அது செல்லும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொல்கிறது.

காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தவணைத் தேதி பேசாத கடனுக்கு, கொடுத்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அவர் சொல்லும் கணக்குப்படி அது 2026 ஜூனில் முடியும். அதனால்தான் அவசரம் காட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அது நமக்குத் தெரியாது. ஆனால் அவர் சொல்லும் தேதியை இப்போதே எல்லோர் முன்னாலும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பிற்பாடு அது 2024 என்று மாறக்கூடாது. மேலும், அவர் ஜெயித்தாலும் அப்பா விட்டுப்போன சொத்தில் உங்கள் கைக்கு வந்த அளவுக்குத்தான் உங்களிடம் வசூலிக்கலாம். உங்கள் சம்பளத்தையோ உங்கள் அக்காவின் வீட்டுக்காரர் பணத்தையோ தொட முடியாது.

அடுத்த வாரக் கூட்டத்துக்கு அக்காவையும் அழைத்துப் போங்கள். கடன் அவர் கல்யாணத்துக்கு என்கிறார்கள், அவரும் வாரிசு. பெரியப்பாவிடம் மரியாதையோடு, எல்லோரும் கேட்கும்படி, இந்தக் கேள்விகளை வையுங்கள். எந்தத் தேதி, எந்த இடம், கூட யார் இருந்தார்கள், பணம் எங்கிருந்து எடுத்தது, அப்பா இருந்தபோது எப்போது கேட்டார். பதில்களை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வது எல்லாம் பொருந்தி, பாஸ்புக்கும் சாட்சியும் ஒத்துப்போய், உங்கள் கல்யாணக் கணக்கிலும் அதே அளவு ஓட்டை இருந்தால், கோர்ட்டுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிப்பது நல்லது என்று நானே சொல்வேன். பொருந்தவில்லை என்றால், 'எங்களால் ஒப்புக்கொள்ள முடியவில்லை, கோர்ட்டில் காட்டிக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் பதில் போடாமல் விடாதீர்கள். வழக்கே வந்து சம்மன் கிடைத்தால், முப்பது நாளில் எதிர்வழக்குரை தாக்கல் செய்ய வேண்டும், கோர்ட் அனுமதித்தால் தொண்ணூறு நாள் வரை போகலாம். சுமை அவர்மேல்தானே இருக்கிறது என்று நினைத்து ஆஜராகாமல் இருந்தால், எக்ஸ்பார்ட்டி ஆக்கி, அவர் சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பாகிவிடும். எதிர்வழக்குரையில் அவர் சொல்லும் ஒவ்வொரு சங்கதிக்கும் தனித்தனியாகப் பதில் இருக்க வேண்டும். குறிப்பாக மறுக்காமலோ 'ஒப்புக்கொள்ளவில்லை' என்று சொல்லாமலோ விட்ட சங்கதியை, ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். கடன் கொடுத்ததாகச் சொல்லும் பத்திக்கு, 'இது பிரதிவாதிகளுக்குத் தெரியாது, ஒப்புக்கொள்ளவில்லை, வாதியே நிரூபிக்க வேண்டும்' என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். உங்கள் வக்கீல் தாக்கல் செய்வதற்கு முன்னால் அந்த வரி இருக்கிறதா என்று நீங்களே ஒரு தடவை படித்துப் பாருங்கள்.